5 ரூபாய் பிஸ்கெட் மீஞ்சூர் பக்கத்துக் கிராமத்துக் கடைக்கு எப்படி வருகிறது? விலையும் எடையும் எங்கே முடிவாகின்றன?

பள்ளி விட்டு வரும் ஒரு மாணவி பெட்டிக்கடையில் நிற்கிறாள். கையில் ஒரு 5 ரூபாய் நாணயம். "அக்கா, ஒரு பிஸ்கெட் பாக்கெட் குடுங்க" என்கிறாள். பாக்கெட் வருகிறது, நாணயம் போகிறது. அவ்வளவுதான், ஐந்து நொடி வேலை.

ஆனால் 2025 அக்டோபர் வாக்கில் இந்த ஐந்து நொடி வேலை பல கடைகளில் கொஞ்சம் சிக்கலானது. சில 5 ரூபாய் பாக்கெட்டுகளில் விலை ரூ.4.45 என்றும் ரூ.4.50 என்றும் அச்சாகி வந்தது. "பாக்கி 55 பைசா எங்கக்கா?" என்று பிள்ளைகள் கேட்டால், கடைக்கார அக்கா என்ன செய்வார்? 55 பைசாவுக்கு நாணயமே கிடையாது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. 50 பைசா சட்டப்படி செல்லும் என்றாலும், அதைக் கையில் வாங்குபவர் யாரும் இல்லை.

அந்த 4 ரூபாய் 45 பைசா எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்தப் பாக்கெட் கடைக்கு வந்த பாதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும். இதற்காக மீஞ்சூரிலிருந்து காட்டூர் போகும் சாலைப் பக்கம், பஜாரிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு பெட்டிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையும் அதன் கணக்கும் உதாரணத்துக்குத்தான். பாதை உண்மையானது.

விலை முதலில் வருகிறது, பிஸ்கெட் பிறகு வருகிறது

ஒரு பொருளின் விலை எப்படி முடிவாகும்? செய்ய ஆன செலவு, கொண்டுவர ஆன செலவு, லாபம், வரி, எல்லாவற்றையும் கூட்டினால் விலை. பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்லும். சிமென்ட், பைக் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான்.

5 ரூபாய் பிஸ்கெட்டில் இது தலைகீழ். இங்கே விலை முதலிலேயே முடிவாகிவிட்டது. பிள்ளைகள் கையில் இருப்பது ஒரு நாணயம். 5 ரூபாய் 50 பைசா என்று விலை வைத்தால் வாங்குபவருக்கும் சிரமம், விற்பவருக்கும் சிரமம். 6 ரூபாய் வைத்தால் பக்கத்தில் இருக்கும் வேறு கம்பெனியின் 5 ரூபாய் பாக்கெட்டுக்குக் கை போய்விடும். அதனால் கம்பெனிகள் 5 ரூபாயை ஆணி அடித்ததுபோல் நிறுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குள் அடக்கப் பார்க்கின்றன.

செலவு கூடினால் என்ன ஆகும்? விலை ஏறாது, பாக்கெட்டில் கிராம் குறையும். பாக்கெட் அதே நிறம், அதே படம், அதே விலை. உள்ளே ஒன்றிரண்டு பிஸ்கெட் குறைந்திருக்கும், அல்லது ஒவ்வொன்றும் கொஞ்சம் மெலிந்திருக்கும். உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க காலத்துல இதே பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கும் தெரியுமா?" என்பார்கள். அது வெறும் பழைய நினைவின் மயக்கம் இல்லை. உண்மையிலேயே எடை குறைந்திருக்கிறது.

கோதுமை ரயிலில், எண்ணெய் கப்பலில்

சாதாரண குளுக்கோஸ் பிஸ்கெட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மைதா. அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து எண்ணெய். மீதி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்: பால் பொருள், உப்பு, உப்ப வைக்கும் சோடா வகைகள், வாசனை.

தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் இல்லை என்றே சொல்லலாம். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப் போன்ற மாநிலங்களிலிருந்துதான் வர வேண்டும். ரயிலிலோ லாரியிலோ வந்து, மாவு ஆலைகளில் தவிடு நீக்கி அரைக்கப்பட்டு மைதாவாகிறது.

எண்ணெய் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. மலிவு பிஸ்கெட்டில் பெரும்பாலும் பாமாயில்தான். இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் முக்கியமாக இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. வட சென்னைக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னரோடு கன்டெய்னராக, சமையல் எண்ணெய் ஏற்றிய டேங்கர் கப்பல்களும் வந்து நிற்கும்.

இதனால்தான் உலகத்தில் எங்கோ நடக்கும் ஒரு முடிவு, காட்டூர் சாலைக் கடை வரை வந்து சேர்கிறது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மே 23-இல் தடையை விலக்கியது. ஒரு மாதம்கூட இல்லை. ஆனால் அதற்கு முன்பே உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அதே மே மாதம் கோதுமை விலை ஏறியதால் இந்தியாவே கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. மாவு, எண்ணெய் இரண்டுமே விலை ஏறிய அந்தக் காலத்தில் 5 ரூபாய் பாக்கெட்டின் விலை அசையவில்லை. எடைதான் குறைந்தது.

நம் அரசு எடுக்கும் முடிவும் இதே வழியில் வரும். கச்சா பாமாயில் மீதான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாகக் குறைத்தது. கடையில் இதை யாரும் அறிவிக்க மாட்டார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'நிகர எடை' என்ற இடத்தில்தான் இது எப்போதாவது தெரியும்.

ஆலைக்குள் சில நிமிடங்கள்

மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் பெரிய கலவை இயந்திரத்தில் சேர்ந்து மாவுக் கட்டியாகின்றன. குளுக்கோஸ் பிஸ்கெட்டுக்கான மாவு சப்பாத்தி மாவு போல இழுபடாது, உதிரியாக இருக்கும். அதை ஒரு சுழலும் உருளையின் குழிகளில் அழுத்தினால், பெயரும் பூ வேலைப்பாடும் பதிந்த பிஸ்கெட் வடிவம் விழும். பிறகு நீண்ட சுரங்கம் போன்ற ஓவனுக்குள் ஒரு பெல்ட்டில் நகர்ந்துகொண்டே வேகும். உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான்.

வெந்து வந்ததும் உடனே பாக்கெட் போட முடியாது. சூடாகக் கட்டினால் உள்ளே ஆவி நிற்கும், பிஸ்கெட் நமுத்துவிடும். மெல்லிய பிஸ்கெட்டைச் சட்டென்று குளிர வைத்தால் விரிசல் விடும், பிறகு லாரியில் குலுங்கும்போது உடையும். அதனால் ஓவனை விட நீளமான பெல்ட்டில் மெதுவாக ஓடவிட்டு ஆற வைக்கிறார்கள். அதன் பிறகுதான் உறை.

அந்தப் பளபளப்பான உறை வெறும் அழகுக்காக இல்லை. அதன் முக்கிய வேலை ஈரக்காற்றை வெளியே நிறுத்துவது. பிஸ்கெட்டில் ஈரப்பதம் மிகக் குறைவு, அதனால்தான் மொறுமொறு என்று இருக்கிறது. கடல் காற்று அடிக்கும் எண்ணூர், பழவேற்காடு பக்கம் ஒரு பாக்கெட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள். மாலைக்குள் நமுத்துப் போயிருக்கும்.

லாரியில் ஏறுவது பாதி காற்று

பாக்கெட்டுகள் அட்டைப்பெட்டியில் அடுக்கப்படுகின்றன. ஒரு பெட்டியில் 120 பாக்கெட், ஒவ்வொன்றும் 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்குள் பிஸ்கெட் 6 கிலோ. கடை விலையில் அதன் மதிப்பு 600 ரூபாய்.

இப்போது இதை ஒரு அரிசி மூட்டையோடு ஒப்பிடுங்கள். பிஸ்கெட் பெட்டி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. லாரியில் எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிரம்பிவிடும். அதாவது டீசல் செலவில் ஒரு பகுதி பெட்டிகளுக்குள் இருக்கும் காற்றைச் சுமக்கத்தான் போகிறது. இரும்பையோ சிமென்ட்டையோ ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோவது போல, 5 ரூபாய் பிஸ்கெட்டை அவ்வளவு தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது.

பெரிய பிஸ்கெட் கம்பெனிகள் ஒரே இடத்தில் பிரம்மாண்ட ஆலை கட்டி நாடு முழுக்க அனுப்பாமல், பல மாநிலங்களில் ஆலை வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சொந்த ஆலை இல்லாத இடத்தில் வேறொருவர் ஆலையில் தங்கள் பெயரில் செய்து வாங்குகிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'தயாரித்தவர்' ஒரு பெயரும், 'யாருக்காக' என்பது வேறொரு பெயருமாக இருப்பது இதனால்தான்.

ஆலையிலிருந்து லாரி நேராகக் கடைக்கு வராது. முதலில் கம்பெனியின் டெப்போவுக்குப் போகும். சென்னையின் வடக்கில் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் போனால் சாலையோரம் வரிசையாகக் குடோன்கள் தெரியும். ஆந்திரா, பெங்களூரு, சென்னை மூன்று பக்கமும் போக வசதியான இடம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் வடக்கு முனையே மீஞ்சூர்தான் என்பதால், நகரத்துக்குள் நுழையாமலே இந்தப் பக்கம் சரக்கு வந்துவிடலாம்.

லைன் வண்டி எல்லாக் கடைக்கும் ஏன் வருவதில்லை?

டெப்போவிலிருந்து சரக்கை வாங்குபவர் விநியோகஸ்தர். கடைக்காரர்கள் வாயில் இவர் 'ஏஜென்சிக்காரர்' அல்லது 'டிஸ்ட்ரிபியூட்டர்'. இவர் கம்பெனியின் ஊழியர் இல்லை. சொந்தப் பணம் போட்டு, பெரும்பாலும் முன்பணம் கட்டிச் சரக்கை எடுத்து, ஒரு குடோனில் வைத்து, தன் பகுதியின் கடைகளுக்குக் கொடுப்பவர். கடைகளுக்குச் சில நாள் கடனும் தர வேண்டியிருக்கும்.

இவரிடம் ஒரு சேல்ஸ்மேன் இருப்பார். திங்கள் ஒரு பக்கம், செவ்வாய் ஒரு பக்கம் என்று நாளுக்கு ஒரு 'லைன்'. போனில் ஆர்டர் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் ஒரு லோடு ஆட்டோவோ 'குட்டி யானை' வண்டியோ சரக்கோடு வரும்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு பல கிராமங்களின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. ஒரு நாள் லைனில் 40 கடை, ஒரு கடைக்குச் சராசரியாக 500 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 ரூபாய். விநியோகஸ்தருக்கு 5 சதவீதம் என்றால் கிடைப்பது 1,000 ரூபாய். அதில் சேல்ஸ்மேன் சம்பளம், டிரைவர் கூலி, டீசல், குடோன் வாடகை எல்லாம் கழிய வேண்டும். பஜாரில் 40 கடையும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் எப்படியோ சமாளிக்கலாம்.

அதே 40 கடை, கிராமத்துக்கு இரண்டு என்று 20 கிராமங்களில் சிதறிக் கிடந்தால்? பில்லும் 500 இல்லாமல் 200 ஆக இருந்தால்? வரும்படி 400 ரூபாய். டீசலுக்கே போதாது. அதோடு திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 கடை போக நினைத்த வண்டி 25 கடையோடு திரும்பும்.

அதனால் சில கிராமங்களுக்கு லைன் வண்டி வருவதே இல்லை. கம்பெனி வரைபடத்தில் அந்த ஊர் இருக்கும், வண்டியின் பாதையில் இருக்காது.

கடைசி 8 கிலோமீட்டர்: டிவிஎஸ் எக்ஸ்எல் போகும் தூரம்

வண்டி வராத ஊருக்கு பிஸ்கெட் எப்படி வருகிறது? கடைக்காரரே போய்க் கொண்டுவருகிறார். காலை வியாபாரம் முடிந்ததும் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் பஜாருக்குப் போய், ஹோல்சேல் கடையில் பிஸ்கெட், சோப்பு, ஷாம்பு சரம், வத்தி, தீப்பெட்டி எல்லாம் வாங்கி, முன்னாலும் பின்னாலும் கட்டிக்கொண்டு திரும்புகிறார்.

இதன் செலவைப் போட்டுப் பார்ப்போம். போக 8, வர 8, மொத்தம் 16 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு 32 ரூபாய்.

வரவு என்ன? 5 ரூபாய் பாக்கெட்டை அவர் 4 ரூபாய் 55 பைசாவுக்கு வாங்கினால், ஒரு பாக்கெட்டுக்கு 45 பைசா மிச்சம். நாளுக்கு 20 பாக்கெட் விற்றால் 9 ரூபாய். பெட்ரோல் காசை பிஸ்கெட் மட்டும் ஈடுகட்ட வேண்டும் என்றால் ஏறக்குறைய 71 பாக்கெட் விற்க வேண்டும். மூன்றரை நாள் வியாபாரம்! அதனால்தான் யாரும் பிஸ்கெட்டுக்கு என்று தனியாகப் போவதில்லை. பத்து சாமானோடு பதினொன்றாவதாக பிஸ்கெட் வண்டியில் ஏறுகிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நடைதான் போவார்கள். இடையில் தீர்ந்தால், "இல்ல கண்ணு, நாளைக்கு வரும்" என்ற பதில்தான்.

கவனியுங்கள்: ஆலையிலிருந்து மீஞ்சூர் வரையான செலவு லட்சக்கணக்கான பாக்கெட்டுகளுக்குள் பிரிந்துவிடுகிறது. கடைசி 8 கிலோமீட்டரின் செலவு ஒரு வண்டியில் ஏறும் சாமானுக்குள் மட்டும்தான் பிரிகிறது. அதைக் கம்பெனி கொடுப்பதில்லை. பாக்கெட்டில் அச்சான விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே வாங்குபவரிடமும் கேட்க முடியாது. அந்தச் செலவு கடைக்காரரின் 45 பைசாவிலிருந்துதான் போகிறது.

அந்த 5 ரூபாயில் வரி எவ்வளவு?

இனி, தொடக்கத்தில் பார்த்த 4 ரூபாய் 45 பைசாவுக்கு வருவோம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பிஸ்கெட்டுக்கு 18 சதவீத வரி. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் பல உணவுப் பொருள்களுக்கு வரியைக் குறைத்தது. பிஸ்கெட்டுக்கு 5 சதவீதம் ஆனது. செப்டம்பர் 22 முதல் அமல்.

அச்சான விலைக்குள்ளேயே வரி அடக்கம். கணக்கை எளிதாக்க, கடை வரை எல்லாக் கட்டத்திலும் வரி உண்டு என்று வைத்துக்கொள்வோம். (ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குக் கீழுள்ள சிறு கடைகள் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அங்கே கணக்கு சில பைசா மாறும்.)

18 சதவீதத்தில்: 5-ஐ 1.18-ஆல் வகுத்தால் 4.24. அதாவது வரி இல்லாத விலை 4 ரூபாய் 24 பைசா, வரி 76 பைசா.

5 சதவீதத்தில்: அதே 4.24-க்கு 5 சதவீதம் சேர்த்தால் 4.45. இதோ, பாக்கெட்டில் அச்சான அந்த எண்!

வரிக் குறைப்பை முழுவதும் விலையில் கொடுத்தால் 5 ரூபாய் பாக்கெட் 4 ரூபாய் 45 பைசா ஆக வேண்டும். கணக்குப்படி மிகச் சரி. ஆனால் கடையில்?

சரியான விலை, இல்லாத சில்லறை

4.45 என்று அச்சான பாக்கெட்டுக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டால், சட்டப்படி அது அதிக விலைக்கு விற்பது. தவறு கடைக்காரர் மேல் விழும். 55 பைசாவுக்குப் பதில் 50 பைசா மிட்டாயைக் கையில் கொடுப்பது பல கடைகளின் பழைய வழி. வாங்குபவர் ஒப்புக்கொண்டால் சண்டை இல்லை, ஆனால் அது அவர் கேட்டு வாங்கிய பொருள் இல்லை. யுபிஐயில் 4.45 சரியாக அனுப்பலாம். பள்ளிப் பிள்ளையிடம் போன் கிடையாதே!

இதில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அரசு வரியைக் குறைத்தது, கம்பெனி விலையைக் குறைத்தது. இருந்தும் அந்த 55 பைசா பிள்ளையின் கைக்குப் போவதில் சிக்கல். காரணம் ஒன்றே ஒன்று: அவ்வளவு சின்னத் தொகையைத் திருப்பிக் கொடுக்க நாணயம் இல்லை.

வரிக் குறைப்பு பேச்சு வந்தபோதே பல கம்பெனிகள் இதை எடுத்துச் சொல்லின. சின்னப் பாக்கெட்டில் விலையைக் குறைப்பதற்குப் பதில் எடையைக் கூட்டுகிறோம் என்றன. அதன்படி பல பாக்கெட்டுகள் மறுபடி 5 ரூபாய்க்கே, கூடுதல் கிராமோடு வந்தன.

எவ்வளவு கூட வேண்டும்? 1.18-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.124. அதாவது ஏறக்குறைய 12 சதவீதம். 50 கிராம் பாக்கெட் 56 கிராம் ஆனால், வரிக் குறைப்பு முழுவதும் வாங்குபவருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 53 கிராம் மட்டும் வந்தால் பாதிதான் வந்திருக்கிறது.

ஆனால் எடை வழியில் ஒரு பலவீனம் உண்டு. விலை குறைந்தால் எல்லோருக்கும் தெரியும். 6 கிராம் கூடினால் யாருக்குத் தெரியும்? அதே 6 கிராம் ஆறு மாதம் கழித்து, எண்ணெய் விலை ஏறியது என்ற காரணத்தில் சத்தமில்லாமல் போனாலும் தெரியாது.

வழியில் என்ன கெடும், எப்படிக் கண்டுபிடிப்பது?

இவ்வளவு தூரம் வரும் பாக்கெட்டுக்கு மூன்று ஆபத்துகள்.

முதலாவது, உடைவது. பெட்டியை எறிந்து இறக்கினால், மேலே பளுவை ஏற்றினால் தூளாகும். பாக்கெட்டை மெதுவாக ஆட்டினால் உள்ளே மணல் போல ஓசை வரும்.

இரண்டாவது, ஈரம். உறையின் ஓரத்து ஒட்டலில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் காற்று நுழையும். உறையை லேசாக அமுக்கும்போது காற்று 'புஸ்' என்று வெளியேறினால் ஒட்டல் போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையும் திருவள்ளூர் கடலோரமும் தண்ணீரில் மிதந்தன. அதுபோன்ற நேரத்தில் தரையோடு வைத்த பெட்டிகள்தான் முதலில் நனையும். உறை நன்றாக இருந்தாலும் வெள்ளத்தில் ஊறிய பாக்கெட்டைச் சாப்பிடக் கூடாது.

மூன்றாவது, வாசனை. மாவும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுவத்தி, கொசுவத்தியோடு ஒரே பையில் கட்டிக்கொண்டு வந்து, பல நாள் ஒரே அலமாரியில் வைத்தால் பிஸ்கெட்டில் சோப்பு வாசனை வரும். எக்ஸ்எல் வண்டியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கடைக்காரருக்கு இது பெரிய தலைவலி.

கெட்ட சரக்குக்கு யார் பொறுப்பு என்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். லைன் வண்டியில் வாங்கும் கடைக்காரர், உடைந்ததையும் தேதி முடிந்ததையும் சேல்ஸ்மேனிடம் திருப்பிக் கொடுத்துக் கழித்துக்கொள்ள வழி உண்டு. பஜார் ஹோல்சேலில் வாங்கியவருக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஒரு பாக்கெட் வீணானால் 4 ரூபாய் 55 பைசா நஷ்டம். அதை ஈடுகட்ட இன்னும் ஏறக்குறைய 10 பாக்கெட் விற்க வேண்டும். தேதி நெருங்கிய சரக்கைத் தூக்கிப் போட மனம் வராமல் அலமாரியில் விட்டுவைப்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்

வீட்டில் இருக்கும் பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அவற்றோடு 'ஒரு கிராம் விலை' என்றும் ஒன்று இருக்கும். பொட்டலப் பொருள்களில் இதை அச்சிடுவது 2024 ஜனவரி முதல் கட்டாயம்.

மற்ற எண்கள் கண்ணை ஏமாற்றலாம், இது ஏமாற்றாது. 50 கிராம் 5 ரூபாய் என்றால் கிராம் 10 பைசா. அதே 50 கிராம் 4.45 ரூபாய் என்றால் 8.9 பைசா. 56 கிராம் 5 ரூபாய் என்றாலும் 8.9 பைசாதான். விலையைக் குறைத்தாலும் எடையைக் கூட்டினாலும் நன்மை ஒன்றே என்பது இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். எடை சத்தமில்லாமல் குறைந்தால், இந்த எண் சத்தமில்லாமல் ஏறும்.

ஒரு நோட்டில் பாக்கெட்டின் பெயர், தேதி, கிராம், கிராம் விலை நான்கையும் மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். அச்சான விலைக்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கடைக்கார அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த பாக்கெட் லைன் வண்டியில வந்ததா, நீங்க போய் வாங்கினதா?" அவர் சொல்லும் பதிலில், அந்தக் கடைசி 8 கிலோமீட்டருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.